மினிட்ஸ் நாலு பக்கம், கடிதம் ஒரு பக்கம்

"சென்னையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில் இடைப்பருவத் தேர்வு அட்டவணை, வீட்டுப்பாடம் இரண்டைப் பற்றியும் சில முடிவுகள் எடுத்தார்கள். அதைச் சுருக்கிப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்கிறார் எச்.எம். மினிட்ஸ் நாலு பக்கம் இருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது?"

மினிட்ஸை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு மூடி வையுங்கள். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கடிதமும் மினிட்ஸ் மாதிரியேதான் வரும். முதலில் வரவேற்புரை, பிறகு எச்.எம். பேசியது, அப்புறம் ஒரு அம்மா கேட்ட கேள்வி, அதற்குக் கணக்கு சார் சொன்ன பதில் என்று போய், கடைசிப் பத்தியில் எங்கேயோ தேர்வுத் தேதி ஒளிந்திருக்கும். வடசென்னையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். கடிதம் போன மறுநாள் காலையில் அலுவலக போன் ஓயாமல் அடிக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், லெட்டர் வந்தது. எக்ஸாம் என்னைக்கு?"

கூட்டத்துக்கு வந்தவருக்கு இந்தக் கடிதம் பெரிதாகத் தேவையில்லை. வராதவருக்குத்தான் தேவை. அவர் வேலை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளையின் பையிலிருந்து நாலாய் மடிந்த தாளை எடுத்து, அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டே படிக்கப் போகிறவர். அவருக்கு என்ன தெரிய வேண்டும்? பரீட்சை எந்த நாள், என்ன பாடம், பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்பும், டிபன் பாக்ஸில் மதியச் சாப்பாடு கட்ட வேண்டுமா வேண்டாமா. கடைசி இரண்டையும் நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் எழுதியதே இல்லை. கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அதனால் மினிட்ஸிலும் இருக்காது. கடிதம் எழுதுகிறவர்தான் எச்.எம்.மிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மினிட்ஸ் என் கையில் இல்லை. ஆகவே ஒரு கூட்டத்தை நானே கற்பனை செய்துகொள்கிறேன். 1.11.2025 சனிக்கிழமை கூட்டம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இரண்டாம் இடைப்பருவத் தேர்வு. ஒரு நாளைக்கு இரண்டு தேர்வாக மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று பள்ளி நினைத்திருந்தது. பெற்றோர் எதிர்த்தார்கள். கணக்குக்கு முன்னால் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றும் கேட்டார்கள். கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு தேர்வு, ஐந்து நாள், கணக்கு திங்கட்கிழமை என்று முடிவானது. சனியும் ஞாயிறும் கணக்குக்குப் படிக்கக் கிடைத்துவிடும், தனியாக விடுமுறை விட வேண்டாம். வீட்டுப்பாடத்துக்கு மினிட்ஸில் இருப்பது ஒரே வரி: "மாணவர்களின் நலன் கருதி வீட்டுப்பாடம் கூடுமானவரை குறைக்கப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது."

இதில் முதலில் பார்க்க வேண்டியது, எது யாருடைய முடிவு என்பது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் என்றால் அட்டவணை கல்வித்துறையிலிருந்து வருவது. பள்ளிக்கூட்டத்தில் அதைப் பேசலாம், மாற்ற முடியாது. இடைப்பருவத் தேர்வு, யூனிட் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட் போன்றவற்றைப் பெரும்பாலும் தனியார் பள்ளிகள் தாங்களே வைத்துக்கொள்கின்றன, அதில் உங்களுக்குக் கை இருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் "முடிவு செய்யப்பட்டது" என்று எழுதிவிட்டால், அரையாண்டுத் தேதியையும் பேசி மாற்றிவிடலாம் என்று அடுத்த கூட்டத்தில் நாலு பேர் கிளம்பி வருவார்கள். துறை அறிவித்ததை "அறிவிக்கப்பட்டுள்ளது" என்றும், நீங்கள் முடிவெடுத்ததை "முடிவு செய்தோம்" என்றும் எழுதுங்கள். வினைச்சொல்லிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீட்டுப்பாடத்திலும் இதே கதைதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்று உங்கள் கூட்டம் முடிவெடுத்திருந்தால் அதைப் பள்ளி தரும் சலுகை மாதிரி எழுதாதீர்கள். அந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018 மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கை இன்னும் கொஞ்சம் விரிவாகப் போகிறது: இரண்டாம் வகுப்பு வரை இல்லை, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாளுக்கு 2 மணி நேரம். விவரம் தெரிந்த ஒரு அப்பா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "சட்டப்படி செய்ய வேண்டியதைப் பெருமையாகச் சொல்கிறார்களே" என்று சிரிக்க இடம் கொடுக்க வேண்டாம். "ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் இல்லை" என்று ஒரு வரி, அவ்வளவு போதும்.

இப்போது அந்தக் "கூடுமானவரை" விஷயத்துக்கு வருகிறேன். மினிட்ஸில் இந்தச் சொல் எப்படி வருகிறது தெரியுமா? கூட்டத்தில் ஒருவர் "ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது" என்பார். ஒரு ஆசிரியர் "எட்டாம் வகுப்புக்கு அது போதாது" என்பார். எழுதுகிறவர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்த "கூடுமானவரை" போட்டு முடித்துவிடுவார். "இயன்றவரை", "தேவைக்கேற்ப", "அவ்வப்போது" எல்லாம் இந்தக் குடும்பம்தான். மினிட்ஸில் இப்படி ஒரு சொல்லைக் கண்டால் அங்கே முடிவு எடுக்கப்படவே இல்லை என்று அர்த்தம். அதை அப்படியே கடிதத்தில் இறக்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்வார்கள். ஒரு அம்மா "அரை மணி நேரம்தான் என்று சொன்னார்களே" என்பார். வகுப்பாசிரியையோ இரண்டு மணி நேர வேலையைக் கொடுத்துவிட்டு "இதுவே குறைத்ததுதான்" என்பார். இரண்டு பேர் கையிலும் ஒரே கடிதம்தான் இருக்கும்.

கடிதம் எழுதுவதற்கு முன் எச்.எம்.மிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு நேரம்? எந்தெந்த நாள் எந்தப் பாடம்? முடிக்க முடியாவிட்டால் என்ன? மூன்றாவதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, ஆனால் வீட்டில் சண்டை வருவது அங்கேதான். பத்து மணிக்குப் பிள்ளை தூக்கத்தில் சாய்கிறது, மறுநாள் மிஸ் திட்டுவார் என்று அழுகிறது, அம்மாவே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறார். "சொன்ன நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடலாம், டைரியில் பெற்றோர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று ஒரு வாக்கியம் கடிதத்தில் இருந்தால் இது இல்லாமல் போகும். ஆனால் எச்.எம். ஒப்புக்கொள்ளாமல் நீங்களாக அதை எழுதிவிடாதீர்கள். கூட்டத்தில் முடிவாகாததைக் கடிதத்தில் முடிவாக்குவது ரொம்பப் பெரிய தப்பு. பழி உங்கள் தலையில்தான் விழும்.

நேரத்தை மட்டும் எழுதினாலும் போதாது. "நாளுக்கு ஒரு மணி நேரம்" என்றால் ஐந்து பாட ஆசிரியர்களும் தனித்தனியாக "நான் இருபது நிமிஷம்தானே கொடுத்தேன்" என்பார்கள். கூட்டினால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். யார் மேலும் குற்றம் இல்லை, ஆனால் பிள்ளை மாட்டிக்கொண்டது. ஆகவே நாளுக்கு இரண்டு பாடம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து நாள், பத்து இடம், ஐந்து பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தில் இரண்டு நாள் சரியாக வந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு சின்னக் கட்டமாகப் போட்டுக் கடிதத்தில் வைத்தால் பெற்றோர் அதைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார்கள்.

தேர்வுப் பக்கத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நீங்கள் எந்தத் தேர்வை நவம்பரில் வைத்தாலும் நடுவில் ஒரு நாள் கலெக்டர் விடுமுறை விட வாய்ப்பு இருக்கிறது. சில நாள் விடிந்த பிறகுதான் அறிவிப்பே வரும். 2015 வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தள்ளிப்போனது. அந்த மாதிரி பெரிய சமயங்களில் துறையே அறிவித்துவிடும், குழப்பம் இல்லை. ஒரே ஒரு நாள் மழை விடுமுறை வருகிறதே, அதில்தான் வினை.

என் கடிதம் ஒன்றிலேயே இது நடந்தது. "மழை காரணமாக விடுமுறை அறிவிக்கப்பட்டால் அன்றைய தேர்வு வேறு நாளில் நடைபெறும்" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது சரியாகத்தான் தெரிந்தது. புதன்கிழமை மழை விடுமுறை வந்தது. அன்றைக்கு நடக்க வேண்டியது அறிவியல், வியாழன் ஆங்கிலம். வியாழக்கிழமை காலையில் வகுப்புக்குள் போனால், பாதிப் பிள்ளைகள் அறிவியல் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள், ஒரு நாள் தள்ளி அதே வரிசையில் நடக்கும் என்று நினைத்து. மீதிப் பேர் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள், அட்டவணையில் வியாழன் ஆங்கிலம் என்றுதானே இருக்கிறது என்று. இரண்டு பேருமே கடிதத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து தாளை விரித்துக் காட்டி, "சார், இதுல எங்க சார் போட்டிருக்கு?" என்று கேட்டான். எங்கேயும் போடவில்லை. அன்றைக்குத் தேர்வை நடத்த முடியவில்லை.

ஆக, இரண்டு வழியில் எது என்று கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, எல்லாத் தேர்வும் ஒரு நாள் தள்ளிப்போகும். இன்னொன்று, நடக்காத தேர்வு மட்டும் கடைசிக்குப் போகும், மற்றவை அதே தேதியில் நடக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். காரணம், முதல் வழியில் ஒவ்வொரு விடுமுறைக்கும் முழு அட்டவணையும் மாறும். இரண்டு நாள் விடுமுறை விட்டால் எந்த அட்டவணை செல்லும் என்றே யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழியில் பெற்றோர் கையில் இருக்கும் தாள் கடைசிவரை செல்லுபடியாகும். ஆனால் அதற்கு உபரியாக இரண்டு நாளை முதலிலேயே ஒதுக்கிக் கடிதத்தில் தேதியோடு எழுத வேண்டும். நம் உதாரணத்தில் 22-ஆம் தேதி சனி, 24-ஆம் தேதி திங்கள்.

தேதி என்றதும் இன்னொன்று. "வரும் திங்கட்கிழமை", "அடுத்த வாரம்", "நாளை மறுநாள்" எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. நீங்கள் வெள்ளிக்கிழமை எழுதுவீர்கள், சனிக்கிழமை பிரிண்ட் ஆகும், பிள்ளை கைக்குத் திங்கட்கிழமை போகும், அது பையிலிருந்து வெளியே வர இன்னும் இரண்டு நாள். "வரும் திங்கள்" எந்தத் திங்கள்? தேதியும் கிழமையும் சேர்த்தே எழுதுங்கள். 17.11.2025 திங்கள். இரண்டையும் எழுதுவதில் ஒரு லாபம், தேதியைத் தப்பாக அடித்துவிட்டால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். காலண்டரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

விட வேண்டியவை என்று கேட்டிருந்தீர்கள். யார் என்ன பேசினார்கள் என்பதை முழுக்க விடுங்கள். "ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார் கேட்டுக்கொண்டதன்பேரில்" என்று எழுதினால் அந்த வகுப்பில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். வீட்டுப்பாடம் குறைந்ததற்கு அவரைத் திட்டுகிறவர்களும் இருப்பார்கள். ஒரு முடிவில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்திருந்தால் அதுவும் வேண்டாம். ஃபீஸ், கேன்டீன், கழிப்பறை என்று கூட்டத்தில் வேறு பேச்சும் வந்திருக்கும். அவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை, இந்தக் கடிதத்தில் வைத்தால் தேர்வுத் தேதி காணாமல் போகும். அவற்றுக்குத் தனிக் கடிதம் போடச் சொல்லுங்கள்.

காரணத்தை முழுக்க விடாதீர்கள், ஒரு வரி இருக்கட்டும். கணக்கு ஏன் திங்கட்கிழமை? சனி, ஞாயிறு படிக்கக் கிடைக்கும் என்பதால். அதைச் சொன்னால் விடுமுறை கேட்டவர்கள் தாங்கள் கேட்டது காதில் விழுந்தது என்று நினைப்பார்கள். கூட்டத்தில் கேட்டு, கிடைக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். எல்லாத் தேர்வுக்கும் முன்னால் ஒரு நாள் விடுமுறை கேட்டிருந்தார்கள், தரவில்லை என்றால் தரவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இன்னும் பேச்சு நடக்கிறது போல என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

முடிவாகாமல் நிற்பது ஒன்றாவது இருக்கும். நம் உதாரணத்தில், தேர்வு நாட்களில் பள்ளி 12.30-க்கு விட்டுவிடுகிறது, அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளை என்ன செய்யும், 3.30 வரை பள்ளியிலேயே உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார்கள். நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் எச்.எம். இதைக் கடிதத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினால் அந்த ஃபைல் தூங்கப் போகிறது என்று அர்த்தம், பெற்றோருக்கும் அது தெரியும். எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று எச்.எம்.மிடம் வாங்கி எழுதுங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சுற்றறிக்கைத் தமிழை விட்டுவிடுங்கள். "மேற்படி கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டதாவது", "பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஆரம்பித்தால் வாக்கியம் மூன்று வரிக்கு ஓடும். பிள்ளையின் பாட்டி சத்தமாக வாசிக்க, அம்மா காதால் கேட்கும் வீடுகள் நிறைய உண்டு. ஒரே மூச்சில் படிக்க முடிகிற வாக்கியமாக எழுதுங்கள். அதற்காக வாட்ஸ்அப் பேச்சுத் தமிழும் வேண்டாம். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் போகிறது, மரியாதை இருக்க வேண்டும்.

நம் உதாரணக் கூட்டத்துக்குக் கடிதம் இப்படி வரும்:

நாள்: 4.11.2025

பொருள்: 6, 7, 8 வகுப்புகளுக்கு இடைப்பருவத் தேர்வு, 1 முதல் 8 வரை வீட்டுப்பாடம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

1.11.2025 சனிக்கிழமை நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எடுத்த முடிவுகளை இங்கே தெரிவிக்கிறோம்.

6, 7, 8 வகுப்புகளுக்கு இரண்டாம் இடைப்பருவத் தேர்வு 17.11.2025 திங்கள் முதல் 21.11.2025 வெள்ளி வரை நடைபெறும். நாளுக்கு ஒரு தேர்வு, காலை 9.30 முதல் 11.30 வரை.

17.11.2025 திங்கள்: கணிதம்
18.11.2025 செவ்வாய்: தமிழ்
19.11.2025 புதன்: அறிவியல்
20.11.2025 வியாழன்: ஆங்கிலம்
21.11.2025 வெள்ளி: சமூக அறிவியல்

பிள்ளைகள் காலை 9.15-க்குள் பள்ளியில் இருக்க வேண்டும். தேர்வு முடிந்தபின் ஒரு மணி நேரம் வகுப்பு உண்டு. 12.30 மணிக்குப் பள்ளி விடும். மதிய உணவு கொடுத்து அனுப்ப வேண்டாம். பள்ளி வேன் 12.40-க்குப் புறப்படும்.

கணிதத்துக்குப் படிக்க சனி, ஞாயிறு கிடைப்பதால் அதை முதல் நாளில் வைத்திருக்கிறோம். மற்றத் தேர்வுகளுக்கு இடையில் விடுமுறை இல்லை.

மழை விடுமுறை அறிவிக்கப்பட்டால், அன்று நடக்காத தேர்வு மட்டும் 22.11.2025 சனிக்கிழமை நடைபெறும். இரண்டாவது நாளும் விடுமுறை வந்தால் அந்தத் தேர்வு 24.11.2025 திங்கட்கிழமை நடைபெறும். மற்றத் தேர்வுகளின் தேதி மாறாது. உதாரணமாக, புதன்கிழமை விடுமுறை என்றால் வியாழக்கிழமை ஆங்கிலத் தேர்வே நடக்கும். அறிவியல் தேர்வு சனிக்கிழமை நடக்கும்.

வீட்டுப்பாடம், 10.11.2025 திங்கள் முதல்:

1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் இல்லை. 3, 4, 5 வகுப்புகளுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு அரை மணி நேரம். 6, 7, 8 வகுப்புகளுக்கு நாளுக்கு இரண்டு பாடம், மொத்தம் ஒரு மணி நேரம்:

திங்கள்: கணிதம், அறிவியல்
செவ்வாய்: தமிழ், சமூக அறிவியல்
புதன்: கணிதம், ஆங்கிலம்
வியாழன்: அறிவியல், தமிழ்
வெள்ளி: ஆங்கிலம், சமூக அறிவியல்

இந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடலாம். டைரியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வீட்டுப்பாடம் டைரியில் மட்டுமே எழுதப்படும், வாட்ஸ்அப்பில் வராது. சார்ட், மாடல் போன்றவை ஒரு வாரத்துக்கு முன்பே டைரியில் தெரிவிக்கப்படும். தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு 17.11.2025 முதல் கடைசித் தேர்வு முடியும்வரை வீட்டுப்பாடம் இல்லை.

தேர்வு நாட்களில் பிள்ளைகளை 3.30 வரை பள்ளியில் வைத்திருக்க முடியுமா என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். இதற்கான பதிலை 12.11.2025 புதன்கிழமைக்குள் டைரியில் தெரிவிப்போம். கீழே உள்ள சீட்டை நிரப்பி 7.11.2025 வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியர்

அந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம். வழக்கமாக "கடிதத்தைப் படித்தேன், கையொப்பம்" என்றுதான் இருக்கும். அதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, பல வீடுகளில் பிள்ளையே கையெழுத்தைப் போட்டுவிடும். பதிலாக ஒரு உருப்படியான கேள்வியை வையுங்கள்: "தேர்வு நாட்களில் 12.30-க்கு என் பிள்ளை: என்னுடன் வருவான்/ள், வேனில் வருவான்/ள், தனியாக வருவான்/ள், 3.30 வரை பள்ளியில் இருக்க விரும்புகிறோம்." எது என்று டிக் அடிக்க, படித்தே ஆக வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு ஏற்பாடு வேண்டும் என்ற கணக்கும் நிர்வாகத்துக்கு வெள்ளிக்கிழமையே கிடைத்துவிடும், புதன்கிழமைப் பதிலும் தாமதமாகாது.

சார்ட், மாடல் வரியைப் பார்த்தீர்களா? சின்ன விஷயம்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்குத் தெர்மாகோல் வேணும்மா" என்று பிள்ளை சொல்ல, அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு திறந்திருக்கும் ஸ்டேஷனரி கடையைத் தேடி அலைந்த வீடு இந்த ஊரில் எத்தனையோ. கூட்டத்தில் இதைப் பற்றி யாராவது பேசியிருந்தால் விட்டுவிடாதீர்கள். பேசவே இல்லை என்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள், எச்.எம்.மிடம் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன்னால் கடிதத்தைக் கூட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சக ஆசிரியர் வேண்டாம், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, இல்லாததையும் இருப்பதாகப் படித்துவிடுவார். நான் எங்கள் பள்ளி வாட்ச்மேன் அண்ணனிடம்தான் கொடுப்பேன். அவர் பேத்தியும் அங்கேதான் படித்தாள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு கேட்பேன்: புதன்கிழமை மழை லீவு விட்டால் வியாழக்கிழமை என்ன பரீட்சை? செவ்வாய்க்கிழமை பாப்பாவுக்குச் சாப்பாடு கட்டணுமா? தமிழ் ஹோம்வொர்க் என்னைக்கு வரும்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் பிரிண்டுக்குப் போகும். ஒருமுறை சாப்பாட்டுக் கேள்விக்கு அவர், "கட்டணும்னு போடலை, வேணாம்னும் போடலை, அதனால கட்டி அனுப்புவேன்" என்றார். அதற்கு அப்புறம்தான் "மதிய உணவு வேண்டாம்" என்ற வரி என் கடிதங்களில் நிரந்தரமாக வந்தது.

அப்புறம் ஃபான்ட். பல பள்ளி அலுவலகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். தாளில் பிரச்சினை இல்லை. அதே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெற்றோரின் போனில் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யூனிகோடில் அடியுங்கள், முடியாவிட்டால் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவதாக இருந்தால் அட்டவணை மட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோவும் எடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர் உங்கள் பள்ளியில் இருந்தால் பின்பக்கம் ஆங்கிலத்திலும் அடித்துவிடலாம், ஆனால் இரண்டிலும் தேதிகளை ஒருவரே சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது ஒன்று தப்பாகப் போய்விடலாம். அப்போது வாட்ஸ்அப் குரூப்பில் "சாரி, 18 இல்லை 19" என்று ஒரு வரி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த மெசேஜ் மதியத்துக்குள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும், வீட்டுக் கதவில் பழைய தாள் ஒட்டியபடியே இருக்கும். முழுக் கடிதத்தையும் திருத்திப் புதுத் தேதியோடு மறுபடி கொடுங்கள். தலைப்புக்குக் கீழே முதல் வரியாக, "4.11.2025 தேதியிட்ட கடிதத்துக்குப் பதிலாக இது, பழையதைக் கிழித்துவிடவும்" என்று போடுங்கள். மாறிய வரி எது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். முடிந்தால் வேறு நிறத் தாளில் எடுங்கள். "மஞ்சத் தாள்ல இருக்கறதுதான் கரெக்ட்" என்று பிள்ளைகளே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.